எட்டுப் பேர் அறையில் ஒரு கறிவேப்பிலைச் செடி

வளைகுடா வெயிலைப் பார்த்தவர்கள், அங்கே செடி என்றாலே தண்ணீரில்லாமல் காய்ந்துதான் சாகும் என்று நினைப்பார்கள். தொழிலாளர் கேம்ப் அறைக்குள் கதையே வேறு. அங்கே ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும், வெயில் உள்ளே வராது, தொட்டி மண் லேசில் காயாது. எட்டுப் பேர் இருக்கிற அறையில் ஒவ்வொருவரும் பாசத்தில் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றுவார்கள். துபாய் சோனாப்பூரில் நான் பார்த்த தொட்டிச் செடிகளில் முக்கால்வாசி இப்படி வேர் அழுகித்தான் போயின. எங்கள் அறைக் கறிவேப்பிலையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

அதை வாங்கி வைத்தவர் ராமநாதபுரத்துக்கார அண்ணன். வர்சானில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய் முழங்கால் உயரக் கன்றாக வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஊரிலிருந்து கொண்டுவரலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு கன்றை விமானத்தில் கொண்டுவர, நோயில்லை என்று ஊரிலேயே சான்றிதழ் வாங்க வேண்டும், இங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். அந்த அலைச்சலுக்கு இங்கேயே வாங்குவது சுலபம். நர்சரிகளில் மலையாளிகளும் வங்காளிகளும் வேலை பார்க்கிறார்கள். கறிவேப்பிலை என்று சொன்னாலே கன்று இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் விடுவார்கள்.

அண்ணன் விசா கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்குக் கிளம்புகிற வாரம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை நீ பாத்துக்க. உனக்குத்தான் ஜன்னல் பக்கத்துக் கட்டில். இது போச்சுன்னா அப்புறம் பக்காலா இலைதான்."

பக்காலா இலை என்றால் எங்களுக்கு என்னவென்று தெரியும். கேம்ப் வாசல் கடைக்கு இலை காலையில் வரும். நாங்கள் சைட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ராத்திரி ஏழு, எட்டு ஆகிவிடும். அதற்குள் பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்து, ஓரம் கறுத்து, மணம் போயிருக்கும். அறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு மெஸ், முறை வைத்துச் சமைப்போம். குழம்புக்குக் கடைசியில் தாளிக்க ஒரு கொத்து பச்சை இலை கிடைப்பது பெரிய விஷயம். அதனால்தான் செடி எல்லோருக்கும் செல்லம். அத்தனை பேர் கையும் அதில் பட்டதற்கும் காரணம் அதுதான்.

என் பொறுப்புக்கு வந்தபோது செடியில் பாதி இலை இல்லை. மீதி இலைகள் மேலே பச்சையாக இருந்தாலும் துவண்டு தொங்கின. அடி இலைகள் மஞ்சளாகி, விரல் பட்டாலே ஈர்க்கை விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தன. பார்க்கிறவர்களெல்லாம் "தண்ணி பத்தல" என்றுதான் சொன்னார்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் ஜில்லென்று ஈரம். மோந்து பார்த்தால் தேங்கிய சாக்கடை வாடை. மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் வேர் தண்ணீரை இழுக்கவில்லை என்று பொருள். காய்ந்துபோன செடியும் இப்படித்தான் துவளும். ஆனால் அதில் மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும், தொட்டி கையில் தக்கையாக வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் தண்ணீரை ஊற்றினால் இருக்கிற வேரும் போய்விடும்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டை விரல் நகத்தால் தண்டைச் சுரண்டினேன். நுனியில் பழுப்பு, காய்ந்த குச்சி. ஒரு சாண் கீழே சுரண்டியபோது தோலுக்கு அடியில் ஈரப் பச்சை தெரிந்தது. கறிவேப்பிலைக்கு இலை மொத்தமாக உதிர்வது சாவு இல்லை. அடித்தண்டில் அந்தப் பச்சை இருக்கிறவரை மறுபடி துளிர்க்கும். மொட்டையாக நிற்கிறது என்று குப்பையில் போட்ட செடிகளில் எத்தனை உயிரோடு போனதோ!

விடுமுறை நாளில் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மண்கட்டியோடு செடியை வெளியே எடுத்தேன். வேர் சுற்றிச் சுற்றி ஓடி, அடியில் பிரிமனை மாதிரி சுருண்டிருந்தது. மேல் பக்கத்து வேர்கள் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருந்தன. அடி வேர்கள் பழுப்பேறி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து இழுத்தால் தோல் உறை போலக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அப்படிக் கழன்று வருகிற வேரெல்லாம் செத்தது. கத்தரியை டெட்டால் தண்ணீரில் நனைத்து அவற்றை வெட்டி எறிந்தேன். வேரில் ஏறக்குறைய பாதி போய்விட்டதால் மேலேயும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கொஞ்ச வேர் அத்தனை கிளைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாமல் திணறும். தண்டில் மூன்றில் ஒரு பங்கை, பச்சை தெரிகிற இடத்துக்கு வெட்டி இறக்கினேன். மெஸ்ஸில் ஒருத்தர், "அடப்பாவி, இருக்கிறதையும் வெட்டிட்டியே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

தொட்டிக்குக் காசு செலவழிக்கவில்லை. சைட்டில் பெயின்ட் வாளிகள் காலியாகக் கிடக்கும். தண்ணீரில் கரைக்கிற சுவர் பெயின்ட் வந்த வாளியாகப் பார்த்து எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். வாட்டர்ப்ரூஃபிங் ரசாயனம், எபாக்சி, தின்னர் வந்த வாளியை எத்தனை தடவை கழுவினாலும் சாப்பிடுகிற செடிக்கு வைக்கக் கூடாது. நான் தச்சு வேலைக்காரன், டிரில் எப்போதும் கையில் இருக்கும். பத்து எம்.எம். பிட்டில் வாளியின் அடியில் ஐந்தாறு ஓட்டை, அடியை ஒட்டிப் பக்கவாட்டில் சுற்றிலும் ஐந்தாறு ஓட்டை போட்டேன். பக்கவாட்டு ஓட்டை முக்கியம். வாளி தரையில் படிந்து உட்கார்ந்தால் அடி ஓட்டைகள் அடைபட்டுப் போகும். வாளியும் பெரிது வேண்டாம். இருபது லிட்டர் வாளியில் சின்னச் செடியை வைத்தால், வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகும். வேர்க்கட்டியைச் சுற்றி மூன்று விரல் இடம் இருந்தால் போதும். நிரம்பினபிறகு அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மண்தான் இங்கே யோசிக்க வேண்டியது. கேம்புக்கு வெளியே கிடக்கிற மணலை அள்ளிப் போட்டால் தண்ணீர் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்து மணலில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கிறது. கறிவேப்பிலைக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும், சுண்ணாம்பு மண்ணில் தளிர் வெளுத்துப் போகும். நர்சரியில் பை மண் வாங்கினேன். அதில் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் என்ற வெள்ளைப் பொரி போன்ற கல் ஒரு பங்கு கலந்தேன். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, தொட்டால் உதிர வேண்டும். மாட்டெருவும் பையில் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் எட்டுப் பேர் தூங்குகிற மூடிய அறைக்குள் அது வேண்டாம். வாடையும் ஈயும் வந்தால் செடி மறுநாளே வெளியே போய்விடும்.

அடுத்தது இடம். ஏ.சி.யின் காற்று நேராக ஜன்னல் மூலையில்தான் விழுந்தது. இருபது டிகிரிக் குளிர்க்காற்று ராத்திரி முழுக்க மேலே அடித்தால், வெப்ப மண்டலத்துச் செடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். தூங்குகிற செடி தண்ணீர் குடிக்காது, மண் காயாது, வேர் அழுகும். எங்கள் அறையில் நடந்தது இந்த வரிசையில்தான். ஒரு நூலை ஈர்க்கில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் ஆடாத இடம் ஜன்னலுக்குக் கீழே, என் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. செடியை அங்கே இறக்கினேன். பகலில் நாங்கள் போனபிறகு ஏ.சி.யைக் குறைத்து வைத்தால் அறை சூடாகுமே என்று பயந்தார்கள். கறிவேப்பிலைக்கு அந்தச் சூடு நல்லதுதான்.

தண்ணீர் விஷயத்தில் அறையில் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் அறையில் கரீம்நகர்க்காரர் இருவர், ஒரு மலையாளிச் சேட்டன், வங்காளி பாய் ஒருவர், ராத்திரி டூட்டி செக்யூரிட்டியாக ஒரு ராஜஸ்தான்காரர், மீதி நாங்கள் தமிழ் ஆட்கள். எல்லோரிடமும் ஒரே விஷயம் சொன்னேன்: ஊற்றுவது ஒரு கை மட்டும்தான், அது என் கை. நான் ஓவர்டைம் போகிற நாளில் சேட்டன் கை. மற்றவர்கள் யாருக்காவது ஊற்ற ஆசை வந்தால் தொட்டியைத் தூக்கிப் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

அந்தத் தூக்கிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து நம்பக்கூடிய ஒரே அளவு. நன்றாகத் தண்ணீர் விட்டு, ஓட்டை வழியே வடிந்து நின்றதும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு தினமும் தூக்கினால் கனம் குறைந்துகொண்டே வரும். ஒருநாள் 'அட, இவ்வளவு லேசா' என்று தோன்றும். அன்றைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால் முழுத் தொட்டியும் நனைந்து அடியில் வடிகிற அளவுக்கு ஊற்ற வேண்டும். வடிந்த தண்ணீரைத் தட்டில் விட்டுவைக்காமல் உடனே கொட்ட வேண்டும். தட்டில் நின்றால் வேரும் கெடும், கொசுவும் வரும், கேம்ப் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். வாரத்துக்கு இத்தனை தடவை என்று நான் சொல்லமாட்டேன். ஏ.சி. அறையில் பத்து நாள் தாங்குகிற அதே தொட்டி, வெளியே வராந்தாவில் இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் இருக்கிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும், குழாயைத் திறந்தால் கையை வைக்க முடியாது. ராத்திரியே வாளியில் பிடித்து வைத்தால் காலையில் ஆறியிருக்கும். இதைவிட நல்ல தண்ணீர் ஒன்று அறையிலேயே இருக்கிறது, ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது அது. அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் அரை வாளிக்கு மேல் சேரும். குடிக்கக் கூடாது. ஏ.சி. கழுவுகிறவர்கள் மருந்து அடித்த நாளில் செடிக்கும் ஊற்றக் கூடாது. மற்ற நாளில் அருமையான தண்ணீர். மண்ணின் மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அது உப்பு. மேல் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, குளியலறையில் வைத்துத் தொட்டி அளவுக்கு இரண்டு மடங்கு ஏ.சி. தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து போய்விடும். இந்தத் தண்ணீரில் சத்தும் இல்லை. அதனால் செடி துளிர் விடுகிற காலத்தில் மட்டும் நர்சரியில் விற்கிற திரவ உரத்தை, பாட்டிலில் போட்ட அளவில் பாதியாகக் கரைத்து மாதம் ஒருதடவை கொடுத்தேன். சோர்ந்த செடிக்கு உரம் வைக்கவே கூடாது.

நடுவில் லபான் என்கிற கடை மோர் சமாசாரம் ஒன்று. ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவோம் இல்லையா, அதை நினைத்து நம் ஆள் ஒருத்தர் மீந்த லபானை ஊற்றியிருக்கிறார். நான்கைந்து நாளில் மண்ணுக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பி எல்லோர் சோற்றுத் தட்டிலும் உட்கார்ந்தன. "செடியால மூட்டைப்பூச்சியும் வந்துரும், தூக்கி வெளியே போடு" என்று ஒரு சண்டையே வந்துவிட்டது. மூட்டைப்பூச்சி மனுஷ ரத்தத்தில் வாழ்வது, செடியில் அதற்கு வேலையே இல்லை என்று சொல்லிப் புரியவைத்தேன். வந்தது மண் ஈ. ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும். திறந்தவெளி மண்ணில் ஊற்றுகிற மோரை வெயிலும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஜீரணித்துவிடும். அறைக்குள் இருக்கிற தொட்டியில் அது கெட்டுப்போகத்தான் செய்யும். சில லபானில் உப்பும் போட்டிருக்கிறார்கள். மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு எடுத்துவிட்டுப் பெர்லைட்டைப் பரப்பி, மேலே நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்தினேன். ஈ போய்விட்டது. நம் ஆளும் மனசு கோணாமல், அதன்பிறகு தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளிச்சத்துக்குத்தான் உண்மையில் கஷ்டப்பட்டோம். கறிவேப்பிலை வெயில் செடி. ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எங்கள் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, அதிர்ஷ்டம்தான். ஆனால் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்காகக் கண்ணாடி முழுக்க அட்டையும் அலுமினியத் தாளும் ஒட்டியிருந்தோம். ஒரு மனுஷன் தூக்கத்தைக் கெடுத்துச் செடி வளர்க்க முடியாது. ராஜஸ்தான்காரரிடம் போய்க் கேட்டேன். "பாய், கீழே ஒரு அடி மட்டும் அட்டையை வெட்டிக்கலாமா? உங்க கட்டில் பக்கம் வெளிச்சம் வராத மாதிரி நான் பலகை வெச்சுத் தரேன்." அவர் யோசித்துவிட்டு, "முதலில் பலகையை வை, படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். ஷட்டரிங்கில் மிஞ்சிய ப்ளைவுட் துண்டை அவர் கட்டில் ஓரத்தில் நிறுத்தி மேலே போர்வையைத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் படுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பிறகு செடியை அதிகம் கவனித்தவரே அவர்தான். காலையில் டூட்டி முடிந்து வந்து படுக்கும்முன் தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைப்பார். அப்படித் திருப்பாவிட்டால் செடி ஜன்னலை நோக்கியே சாய்ந்து ஒருபக்கமாக வளரும்.

அந்த ஒரு அடி வெளிச்சம் செடி சாகாமல் இருக்கத்தான் போதுமானது. வெளிச்சம் போதவில்லை என்பதைத் தளிரிலேயே பார்க்கலாம். கணுவுக்குக் கணு தூரம் அதிகமாகும், தண்டு மெலிந்து நீளும், இலை பெரிதாக இருந்தாலும் மணம் குறையும். செடி கொழுப்பதற்கு வெளியே போக வேண்டும். அதற்கு இந்த ஊரின் காலக்கணக்கு தெரிய வேண்டும். நம் ஊரில் மார்கழி, தையில் கறிவேப்பிலை சோர்ந்து நிற்கும், வெயில் ஏறினால் துளிர்க்கும். இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் வெளியில் வைப்பதற்கு மிகத் தோதான காலம். பகல் இருபத்தைந்து, முப்பது டிகிரியை ஒட்டி, வெயிலும் இதம். ஜனவரி ராத்திரிகளில் கொஞ்சம் குளிரும், வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். கோடையில் எப்போது உள்ளே எடுப்பது என்பதற்கு எங்களுக்குப் பழகின கணக்கு ஒன்று உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30இலிருந்து 3 மணி வரை ஆட்களை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆளுக்கே ஆகாத அந்த மாதங்களில் வாளிச் செடிக்கும் வெளியே இடமில்லை. தரையில் வேரூன்றிய கறிவேப்பிலை மரம் இந்த வெயிலையும் தாங்கும். வாளியில் இருக்கிற வேருக்கு ஒதுங்க இடமில்லை. கறுப்புத் தொட்டி என்றால் வேர் வெந்தே போகும். வெள்ளை வாளியைத் தேடி எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையிலிருந்து வெளியே வைக்கும்போது ஒரே நாளில் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினால் இலை வெளுத்துக் கருகும். நிழலில் வளர்ந்த இலைக்கு அந்த வெயில் பழக்கமில்லை. மாடிப்படித் திருப்பத்தில் காலை வெயில் மட்டும் விழுகிற ஓர் இடம் இருந்தது. முதல் வாரம் அங்கே ஒரு மணி நேரம், அடுத்த வாரம் மூன்று மணி நேரம் என்று ராஜஸ்தான்காரர் வைத்து எடுத்தார். அதன்பிறகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கேம்ப் பாஸிடம் கேட்டு அனுமதி வாங்கினோம். வராந்தாவிலும் படிக்கட்டிலும் நிரந்தரமாக வைக்கக் கூடாது, அது தீ விபத்து நேர்ந்தால் ஓடுகிற வழி. நியாயமான விதிதான். கேட்காமல் வைத்த பக்கத்து அறைச் செடியை ஆய்வன்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் குளிர்காலத்திலேயே வெட்டிய தண்டின் கீழே நான்கு கிளை வெடித்து, மார்ச்சுக்குள் செடி என் இடுப்பளவு வந்துவிட்டது.

பூச்சியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும். இலையின் மேலே ஊசி குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுகிற தூசு நகர்ந்தால் பேன்தான். குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை கழுவினால் அடங்கும். கழுவும்போது தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஈரம் கூடிவிடும். மருந்து அடிக்க வேண்டாம். அதை அன்றைக்கே குழம்பில் போடப்போகிறோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வருகிறவர்கள். அவர்கள் வருகிற அன்று நாம் சைட்டில் இருப்போம். கட்டில், சுவர், மூலை எல்லாவற்றிலும் அடித்துவிட்டுப் போவார்கள், செடிமேலும் படும். நோட்டீஸ் ஒட்டின உடனே செடியை அறையை விட்டு வெளியேற்ற வேண்டும், வாடை போனபிறகுதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒருதடவை நோட்டீஸே இல்லாமல் வந்து அடித்துவிட்டார்கள். சேட்டன் மோந்து பார்த்துக் கண்டுபிடித்தார். கழுவிச் சாப்பிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இலை மொத்தத்தையும் உருவி, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். துளிர்த்து வந்த புது இலையை மட்டும் சமையலுக்கு எடுத்தோம். அதுவரை இரண்டு மாதம்போலப் பக்காலா இலைதான்.

இலை பறிப்பதிலும் ஒரு முறை வேண்டும். அவரவர் வந்து அடியிலிருந்து ஒவ்வோர் இலையாக உருவினால், செடி மொட்டைக் குச்சியாகி நுனியில் மட்டும் கொண்டை வைத்து நிற்கும். நுனியோடு சேர்த்து, ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் பக்கவாட்டில் வரும். அடுத்த தடவை அந்த இரண்டையும் வெட்டலாம். பூ மொட்டு வைத்தால் கிள்ளிவிடுங்கள். பூவும் காயும் வந்தால் செடி இலையைக் கவனிக்காது. சமையல் முறைக்காரர் வாரத்துக்கு இரண்டு நுனி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டோம். ஜனவரியிலும், உச்சக் கோடையில் அறைக்குள் இருக்கும்போதும் ஒரு நுனிதான். கரீம்நகர்க்காரர்கள் பப்புக்கு அதிகம் கேட்பார்கள். அதற்காகச் சேட்டன் தன் பங்கை விட்டுக்கொடுத்த வாரங்களும் உண்டு.

நான் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனபோது பொறுப்பை ராஜஸ்தான்காரரிடம் கொடுத்தேன். எழுதி வைத்துவிட்டுப் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின இரண்டு வாரம் தொட்டியை அவரையே தூக்கச் சொன்னேன். "இன்னைக்கு ஊத்தலாமா?" என்று கேட்பேன், அவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார். முதலில் ஈரமான தொட்டிக்கே ஊற்றலாம் என்றார். போகப் போகக் கை பழகி, என் கணிப்பும் அவர் கணிப்பும் ஒன்றாகிவிட்டது. திரும்பி வந்தபோது செடி நான் விட்டுப்போனதைவிடப் பச்சையாக இருந்தது. தண்டுக்கு ஒரு கை அகலம் தள்ளி, மண்ணிலிருந்து இரண்டு புதுக் கன்றும் முளைத்திருந்தன.

அவை வேர்க்கன்றுகள். கறிவேப்பிலை வேர் மேலாக ஓடும்போது அதிலிருந்து தானாகவே கன்று கிளம்பும். குச்சி வெட்டி நட்டு வேர் பிடிக்கவைப்பதைவிடவும், விதைக்கு அலைவதைவிடவும் இது நிச்சயமான வழி. கன்று ஒரு சாண் உயரம் வந்து, தனக்கென்று ஐந்தாறு ஈர்க்கு விட்டபிறகு, கன்றுக்கும் தாய்ச்செடிக்கும் நடுவில் ஓடுகிற வேரை மட்டும் கத்தியை மண்ணுக்குள் இறக்கி வெட்டிவிட வேண்டும். உடனே பிடுங்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் அங்கேயே இருந்தால் தன் வேரை விட்டுக்கொள்ளும். பிறகு மண்கட்டியோடு எடுத்துச் சின்ன டப்பாவில் நட்டு, துளிர் வருகிறவரை வெயிலும் உரமும் இல்லாமல் வைக்கலாம். இதைச் செய்ய பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். எங்கள் செடியின் முதல் கன்று மேல் மாடியில் இருக்கிற தஞ்சாவூர்க்காரர்கள் அறைக்குப் போனது. இரண்டாவதை ராஜஸ்தான்காரர் தன் செக்யூரிட்டி கேபின் வாசலில் வைத்திருக்கிறார். அங்கே ஏ.சி. காற்றும் இல்லை, நாள் முழுக்க வெளிச்சம். தாய்ச்செடியைவிட அதுதான் இப்போது வேகமாக வளர்கிறது.